பார்ட்டிக்குப் போன் போடத் தயங்குவேன் என்று இன்டர்வியூவில் சொல்லலாமா?

"தேவகோட்டை பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.காம் முடித்துவிட்டு காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வெளியூர் கம்பெனிகளுக்கு முயற்சி செய்கிறேன். இரண்டு இன்டர்வியூவிலும் 'உங்களுடைய பெரிய பலவீனம் என்ன?' என்ற கேள்வியில்தான் சறுக்கினேன். முதல் இடத்தில் 'எதையும் பெர்ஃபெக்டா செய்யணும்னு நினைப்பேன்' என்றேன். உதாரணம் கேட்டார்கள், வாயில் ஒன்றும் வரவில்லை. அடுத்த இடத்தில் உண்மையையே சொல்வோம் என்று 'எனக்குக் கொஞ்சம் கவனக்குறைவு உண்டு' என்றேன். அதோடு முடிந்தது. இந்த மாதக் கடைசியில் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே என்ன சொல்வது?"
– ஒரு வாசகி

வணக்கம்மா. கடிதம் படித்ததும் உங்களைப் போனில் கூப்பிட்டுப் பேசியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம் அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. உங்களுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் சம்மதித்ததால் அதையே இங்கே எடுத்துப் பேசுகிறேன். கடை, ஊர் அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த 'கவனக்குறைவு'. அது உண்மை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்போதெல்லாம் கவனம் தவறியது என்று நான் கேட்டபோது உங்களால் ஒரே ஒரு சம்பவத்தைத்தான் சொல்ல முடிந்தது. ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் ஒரு பட்டறை உங்கள் பார்ட்டி. மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர்கள். ஒரு மாதம் அவர்களுடைய விற்பனை பில் ஒன்று உங்கள் கைக்கு வராமலே போய்விட்டது. 11-ம் தேதிக்குள் போட வேண்டிய விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் அந்த பில் ஏறவில்லை. டைல்ஸ் வாங்கியவர் சென்னையில் ஒரு கான்ட்ராக்டர். சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் அவருடைய 2பி பட்டியல் 14-ம் தேதி வந்தபோது அதில் அந்த பில் தெரியவில்லை. அந்த மாதம் அவரால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியவில்லை. சென்னையிலிருந்து அந்த கான்ட்ராக்டர் பட்டறைக்காரரைச் சத்தம் போட, பட்டறைக்காரர் உங்கள் ஆடிட்டரைச் சத்தம் போட, கடைசியில் எல்லாம் உங்கள் மேஜையில் வந்து விழுந்தது.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? ஒரு பில் குறைகிறது என்று உங்களுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. பில் புக்கில் ஒரு நம்பர் விட்டுப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருந்தீர்கள். பதில் இல்லை. பட்டறைக்காரர் வயதில் பெரியவர், கொஞ்சம் கோபக்காரர். 'அவரைப் போய் எப்படி ரெண்டாவது தடவை கேட்கிறது' என்று விட்டுவிட்டீர்கள். ஆக, நீங்கள் நன்றாகவே கவனித்திருக்கிறீர்கள். கவனித்ததை ஆளைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் தயங்கியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவது, கணக்கு வேலைக்கு ஒருவரை எடுக்கக் கூடாது என்பதற்கே காரணமாகிவிடும். இரண்டாவது, வேலைக்குச் சேர்ந்து பழகிச் சரிசெய்துகொள்ளக் கூடியது. இந்த வித்தியாசம் தெரியாமல் உங்களை நீங்களே பெரிய குற்றவாளி ஆக்கிக்கொண்டு, அதை உண்மை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வியில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பலவீனம் என்றதும் மனம் ஒரு குணத்தின் பெயரைத் தேடுகிறது. கவனக்குறைவு, சோம்பல், முன்கோபம், கூச்சம் என்று. குணத்தின் பெயருக்கு எல்லையே கிடையாது. 'கவனக்குறைவு' என்று சொன்னால், எதிரே இருப்பவர் அதை உங்கள் வேலை முழுவதன் மேலும் பூசிக்கொள்வார். வவுச்சர், பேங்க் ரீகன்சிலியேஷன், சம்பளப் பட்டியல் எல்லாவற்றிலும் இந்தப் பெண் தப்பு செய்யும் என்று அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் எங்கே தப்பு வரும், எங்கே வராது என்று நீங்கள் கோடு போட்டுக் காட்டவில்லை. 'பெரியவர்களிடம் இரண்டாவது முறை போன் போட்டுக் கேட்கத் தயங்குவேன்' என்பது ஒரு செயல். அதற்குக் கரை இருக்கிறது. கேட்பவருக்கு அது எவ்வளவு பெரியது, எங்கே வந்து இடிக்கும் என்று உடனே தெரிந்துவிடும்.

கேட்பவருக்கு வேண்டியதும் அதுதான். நம் செட்டிநாட்டுக் குடும்பங்களில் பர்மா, மலேயா கடைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவார்கள். பையன் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தால் அவன் எந்த இடத்தில் திணறுகிறான் என்பது மேலாளுக்குப் பக்கத்திலிருந்தே தெரிந்துவிடும். கோவைக் கம்பெனிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அரைமணி, முக்கால்மணி நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் வாய்விட்டுக் கேட்கிறார். நான் பல வருடமாக இன்டர்வியூ குழுக்களில் உட்கார்ந்து மார்க் போட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நேரே நாங்கள் எழுதுவது பலவீனத்தின் பெயரை அல்ல. இவருக்குத் தன்னைப் பற்றித் தெரிகிறதா, யாராவது தப்பைச் சுட்டிக்காட்டினால் அதை எடுத்துக்கொண்டு ஏதாவது மாற்றினாரா, நாங்கள் எந்த இடத்தில் துணை நிற்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் குறித்துக்கொள்வோம்.

'பெர்ஃபெக்டா செய்யணும்னு நினைப்பேன்' என்ற பதிலில் இவற்றில் ஒன்றைக்கூட எழுத முடியாது. அதனால்தான் உதாரணம் கேட்டார்கள். உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை, எழுதுவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று கேட்டார்கள். இந்தப் பதிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்புகள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒரே கல்லூரி ஹாலில் காலையிலிருந்து மாலை வரை ஒருவர் பின் ஒருவராக வந்து இதையே சொல்வார்கள். நல்ல பிள்ளைகள், வேலை தெரிந்த பிள்ளைகள். அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். டைல்ஸ் பில் பிரச்சினைக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, 'பெருசா ஒண்ணும் இல்லைக்கா' என்று ஆரம்பித்துவிட்டு முக்கியமான ஒன்றைச் சொன்னீர்கள். இப்போது ஒவ்வொரு மாதமும் 3-ம் தேதி எந்தப் பார்ட்டியிடமிருந்து எந்த பில் வரவில்லை என்று ஒரு பட்டியல் எழுதுகிறீர்கள். கடைகளில் கூட்டம் சேர்வதற்கு முன், காலையிலேயே போன் போடுகிறீர்கள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் முன்பு தயங்கினீர்கள் என்பதால், 'அண்ணே, உங்க பில் புக்குல இந்த நம்பர் மட்டும் எங்கிட்ட இல்ல, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே' என்று நேரே நம்பரைச் சொல்லிக் கேட்கிறீர்கள். 6-ம் தேதிக்குள் வராவிட்டால் ஆடிட்டரிடம் பட்டியலைக் கொடுத்துவிடுகிறீர்கள். ஏழெட்டு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. அதன்பிறகு பில் எதுவும் விடுபடவில்லை. ஆனாலும் புதிதாக வரும் பார்ட்டிக்கு முதல் போன் போடுவதற்கு இன்னமும் மனசு கொஞ்சம் இழுக்கிறது என்றீர்கள்.

அம்மா, இதுதான் பதில். இதைத் தேடித்தான் நீங்கள் யூட்யூபில் இத்தனை வீடியோ பார்த்திருக்கிறீர்கள்.

சொல்லும்போது ஏறத்தாழ இப்படி வரும்:

"சார், பெரியவங்ககிட்ட திரும்பத் திரும்பப் போன் போட்டுக் கேக்கிறதுல எனக்குத் தயக்கம் உண்டு. போன வருஷம் ஒரு பார்ட்டியோட சேல்ஸ் பில் ஒண்ணு வரலைன்னு எனக்குத் தெரிஞ்சும், ஒரு மெசேஜ் அனுப்பிட்டு விட்டுட்டேன். அது ஜி.எஸ்.டி.ஆர்-1-ல ஏறலை, வாங்கினவருக்கு அந்த மாசம் கிரெடிட் கிடைக்கலை, எங்க ஆடிட்டர் பேச்சு வாங்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் மாசம் 3-ம் தேதியே வராத பில்லுக்குப் பட்டியல் போட்டு, பில் நம்பரைச் சொல்லிப் போன்ல கேக்கிறேன். 6-ம் தேதிக்குள்ள வரலைன்னா எங்க ஆடிட்டர்கிட்ட சொல்லிடுவேன். அதுக்கப்புறம் எதுவும் விடுபடலை. புது ஆளுக்கு முதல் போன் போடுறப்ப இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கு, ஆனா பட்டியல் கையில இருந்தா போட்டுடுறேன்."

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் நீட்டாதீர்கள். நீட்ட ஆரம்பித்தால் நியாயப்படுத்துவது போலத் தொனிக்கும்.

இதில் இரண்டு இடங்களை நீங்கள் வெட்டிவிடப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்று, 'ஆடிட்டர் பேச்சு வாங்கினார்' என்பது. வெட்டாதீர்கள். நஷ்டம் என்ன என்று சொல்லாத பலவீனம் யாருக்கும் பலவீனமாகவே படாது. அதைச் சொல்லும்போதுதான், தன் தயக்கத்தால் இன்னொருவருக்கு என்ன ஆயிற்று என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது என்பது புரியும். அதேசமயம் பட்டறைக்காரர் கோபக்காரர், அவர்தான் பில்லை அனுப்பவில்லை என்ற பேச்சை உள்ளே கொண்டுவராதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அந்த ஒரு வாக்கியத்தில் பதில் முழுவதும் புகாராக மாறிவிடும்.

இன்னொன்று, கடைசியில் வரும் 'இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கு'. பலவீனத்தைச் சொல்கிறவர்களில் பலர் 'இப்போ முழுசா சரியாயிடுச்சு சார்' என்று முடிப்பார்கள். அப்படியானால் அது இப்போது பலவீனம் இல்லையே, கேட்டது இப்போதைய பலவீனத்தை அல்லவா என்று கேட்பவர் நினைப்பார். மனப்பாடம் செய்த பதில் என்ற வாசனை பெரும்பாலும் இந்தக் கடைசி வரியிலிருந்துதான் வரும். மிச்சம் இருப்பதை மிச்சம் என்றே சொல்லுங்கள். ஆனால் அந்த மிச்சத்தை எதைக் கொண்டு சமாளிக்கிறீர்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

இனி, இதைக் கோவையில் சொல்வது ஆபத்தா? வேலை விளம்பரத்தை எனக்கு அனுப்பச் சொன்னது அதற்குத்தான். முதல் மூன்று வரிகளைப் பாருங்கள். சப்ளையர் பில்களை என்ட்ரி போடுவது, 2பி-யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பேங்க் ரீகன்சிலியேஷன். இதற்காகத்தான் ஆள் எடுக்கிறார்கள். 2பி-யில் வராத பில்லுக்கு சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய வேலை இதில் நிச்சயம் வரும். ஆகவே உங்கள் பலவீனம் இந்த வேலையின் ஓரத்தைத் தொடுகிறது. ஆனால் டைல்ஸ் பில்லில் நடந்ததை மறுபக்கத்திலிருந்து பார்ப்பதுதான் இந்த வேலை. கிரெடிட் கிடைக்காத அந்த கான்ட்ராக்டரின் இடத்தில் இப்போது இந்தக் கம்பெனி இருக்கிறது. சப்ளையர் பக்கம் பில் எப்படி விடுபடுகிறது, அதை எந்தத் தேதிக்குள் பிடிக்க வேண்டும் என்று அனுபவித்துத் தெரிந்தவர் நீங்கள். கேட்பவர் அக்கவுண்ட்ஸ் ஆளாக இருந்தால் இதை நீங்கள் சுட்டிக்காட்டவே வேண்டாம், அவரே பிடித்துக்கொள்வார்.

இதே விளம்பரத்தின் முதல் வரியில் 'வசூல்', 'நிலுவைத் தொகையைப் பின்தொடர்தல்' என்று இருந்திருந்தால் நான் இந்தப் பதிலைச் சொல்லச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே போன் போடுவதே வேலை. அதில் தயக்கம் என்றால் அவர்கள் எடுக்காமல் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது. அதேபோல, 3-ம் தேதிப் பட்டியலை நீங்கள் போன வாரம்தான் ஆரம்பித்திருந்தாலும் சொல்லச் சொல்லியிருக்க மாட்டேன். திருத்தத்துக்குச் சில மாதமாவது வயதாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது இன்டர்வியூவுக்காகப் பிறந்த திருத்தமாகத்தான் தெரியும்.

ஆங்கிலம் சரளமாக வராது, அதையே சொல்லிவிடட்டுமா என்று போனில் கேட்டீர்கள். வேண்டாம். நீங்கள் வாயைத் திறந்த முதல் நிமிடத்திலேயே அது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கே தெரிந்ததைப் பலவீனம் என்று சொன்னால் வேறு எதையோ மறைக்கிறீர்கள் என்று தோன்றும். ஆங்கிலத்தில் கேட்டால், புரிந்ததை ஆங்கிலத்தில் ஆரம்பித்து, 'இந்த விஷயத்தைத் தமிழில் சொல்லட்டுமா சார்' என்று கேளுங்கள். கோவைக் கம்பெனியில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உடம்பு, கல்யாணம், வீட்டு நிலைமை இவையெல்லாமும் இந்தக் கேள்விக்குள் வரவே வராது. அவற்றை நீங்களாக இங்கே இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

அடுத்து, நீங்கள் பயப்படும் தொடர் கேள்விகள். மூன்று வரலாம். 'அந்த பில்லை எப்படிச் சரிசெய்தீர்கள்?' அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் சேர்த்தோம், வாங்கியவருக்கு அடுத்த மாத 2பி-யில் வந்தது என்று சொல்லுங்கள். நடந்தது அதுதானே. 'உங்கள் ஆடிட்டரைக் கேட்டால் உங்கள் பலவீனம் என்ன என்று சொல்வார்?' இதற்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். 'இதையேதான் சொல்வார் சார், அவர்தான் எனக்கு இதை முதலில் சொன்னார்' என்பது போதும், அது உண்மை என்பதால். சம்பவம் நிஜமாக இருப்பதன் பெரிய லாபமே இந்தக் கேள்வியில்தான் தெரியும். ஜோடித்த பதில் இங்கே வந்ததும் நின்றுவிடும். மூன்றாவது, 'வேறு ஏதாவது?' இதற்கு ஒரு சின்னதைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். டாலியில் நன்றாகக் கை ஓடுகிறது, எக்செல்லில் VLOOKUP போன்ற ஃபார்முலாக்கள் இப்போதுதான் பழகுகிறேன் என்றீர்களே, அது போதும். ஆனால் இன்டர்வியூவுக்கு முன் 2பி பட்டியலையும் கொள்முதல் பட்டியலையும் எக்செல்லில் நீங்களே ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். சொன்ன கையோடு 'எங்கே, செய்து காட்டுங்கள்' என்று லேப்டாப்பைத் திருப்பி வைக்கிறவர்கள் உண்டு.

பயிற்சி எப்படி எடுப்பது? மேலே நான் எழுதிக் காட்டிய வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அது என் வாய் வார்த்தை. ஒரு துண்டுச் சீட்டில் இவ்வளவுதான் எழுதிக்கொள்ளுங்கள்: டைல்ஸ் பில், 14-ம் தேதி, 3-ம் தேதிப் பட்டியல், புது ஆள். இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் அண்ணனிடம் ஒருநாள் சொல்லுங்கள், ஆபீஸ் தோழியிடம் இன்னொரு நாள், கணக்கே தெரியாத உங்கள் அம்மாவிடம் ஒருநாள். ஒவ்வொரு முறையும் வார்த்தைகள் மாறித்தான் வரும். அப்படி மாறி வந்தால்தான் நல்லது. போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். இரண்டு பதிவுகள் ஒன்றுபோலவே இருந்தால் மனப்பாடம் ஆகிவிட்டது என்று அர்த்தம், அப்போது ஒரு நாள் விட்டுவிட்டு வேறு இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிப் பாருங்கள். தோழியிடம் நடுவில் குறுக்கிட்டு எதையாவது கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்கு உங்களால் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். நடந்ததைச் சொல்கிறவருக்கு அது சிரமமே இல்லை. வரி வரியாக உருப்போட்டவர்தான் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அம்மாவிடம் சொல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்டர்வியூ குழுவில் ஒருவர் ஹெச்.ஆர். ஆளாக இருப்பார், 2பி என்றால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, 'நாங்க போடலைன்னா வாங்கினவருக்குக் கட்டின வரி அந்த மாசம் திரும்பக் கிடைக்காது' என்று சொல்லப் பழகினால் அவருக்கும் புரிந்துவிடும்.

எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பலவீனம் என்ற பெயரில் எதைச் சொன்னாலும் மைனஸ் போடுகிறவர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சடங்குக்குக் கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காதவர்களும் இருக்கிறார்கள். அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் அக்கவுண்ட்ஸ் பிரிவின் மேலாளர் எதிரே உட்கார்ந்திருந்தால், உங்களோடு தினமும் வேலை பார்க்கப் போகிறவர் அவர்தான், அவருக்கு இந்தப் பதிலில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வெளியே வேலை தேடுவது உங்கள் ஆடிட்டருக்கு இன்னும் தெரியாது என்றீர்கள். இந்தப் பதிலைச் சொன்னதும் அவரிடமே கேட்டுப் பார்க்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றலாம். விண்ணப்பத்தில் இப்போதைய முதலாளியின் நம்பர் கேட்டிருந்தால், 'வேலை உறுதியான பிறகு நானே அவரிடம் சொல்லிவிட்டு நம்பர் தருகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று நேரடியாகக் கேளுங்கள். இது வழக்கமான வேண்டுகோள்தான், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதுவரைக்கும் உங்கள் கல்லூரியில் கணக்குப் பதிவியல் எடுத்த பேராசிரியர் ஒருவரிடம் சம்மதம் கேட்டு அவர் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.